ஆகாயின் நான்கு தேதிகள்: புது ஆலயத்துக்கும் இடமாற்றத்துக்கும் சபையைப் பிரசங்கத்தால் ஆயத்தப்படுத்துவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏனுங்க, கட்டட வேலையைப் பத்திப் பிரசங்கம் எப்ப ஆரம்பிக்கணும்? எத்தனை ஞாயிறு பேசணும்?

நான்கு ஞாயிறு போதும். ஆனால் அவை அடுத்தடுத்த ஞாயிறுகளாக இருக்கக் கூடாது. பல சபைகள் தொடர்ந்து எட்டு வாரம் "கட்டுவோம் வாருங்கள்" என்று பேசித் தீர்த்துவிடுகின்றன. ஐந்தாவது வாரத்துக்குள் ஜனங்களுக்குச் சலித்துப்போகிறது. நிஜமான சோர்வு வருகிற நாளில் பேச வார்த்தை மிச்சம் இருப்பதில்லை.

இடைவெளியை வேதத்திலுள்ள ஆகாய் புத்தகமே சொல்லித் தருகிறது. இடிந்துகிடந்த எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்ட ஜனங்களை எழுப்பிய தீர்க்கதரிசி அவர். இரண்டே அதிகாரம் கொண்ட அந்தச் சிறு புத்தகத்தில் ஒவ்வொரு பேச்சுக்கும் நாள் குறித்திருக்கிறது. தரியு ராஜாவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 520. ஆறாம் மாதம் முதல் தேதியில் முதல் பேச்சு. அதே மாதம் 24-ஆம் தேதி ஜனங்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். ஏழாம் மாதம் 21-ஆம் தேதி, சோர்ந்துபோனவர்களுக்கு ஒரு பேச்சு. ஒன்பதாம் மாதம் 24-ஆம் தேதி கடைசிப் பேச்சுகள். நம் கணக்கில் சொன்னால் முதல் பேச்சுக்கும் வேலைத் தொடக்கத்துக்கும் நடுவே மூன்று வாரம், அதிலிருந்து சோர்வு வர ஏறக்குறைய நான்கு வாரம், பிறகு ஒன்பது வாரம். மொத்தம் பதினாறு வாரம்.

இதை 2026-இல் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 2-இல் முதலாவது பிரசங்கம். ஆகஸ்ட் 23 முடிவெடுக்கும் ஞாயிறு. செப்டம்பர் 20 மூன்றாவது. நவம்பர் 22 நான்காவது. அடுத்த ஞாயிறு அட்வெந்து தொடங்கிவிடும், வேதபாட அட்டவணையோடு மோதல் வராது. ஜூனில் தொடங்க வேண்டாம், பள்ளிக்கூட ஃபீஸ் கட்டி வீடுகளில் கை காய்ந்திருக்கும் மாதம் அது. திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் தீபாவளி போனஸ்தான் வருஷத்தின் ஒரே மொத்தப் பணம். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. அதுவும் மூன்றாவது பிரசங்கத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே விழுகிறது. மஞ்சள் விவசாயக் குடும்பங்கள் அதிகமுள்ள ஈரோட்டுப் பக்கச் சபைகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்களுக்கு மஞ்சள் வெட்டி, வேகவைத்து, மண்டிக்குப் போட்ட பிறகுதான் பணம் புழங்கும். ஆகவே ஈஸ்டருக்குப் பின் தொடங்கினால் நல்லது.

"மச்சுப்பாவப்பட்ட வீடு"ன்னு ஆகாய் திட்டறாரே, லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்ககிட்ட அதை எப்படிங்க பேசறது?

அவர்களைப் பார்த்துப் பேசாதீர்கள். முதல் பிரசங்கம் பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறது. ஆகாய் 1:4-ஐ எடுத்து, "நீங்கள் டைல்ஸ் ஒட்டிய வீட்டில் இருக்கிறீர்கள், ஆண்டவரின் வீடு ஒழுகுகிறது" என்று முழங்கினால், பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் படுக்கிற குடும்பம் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு மாடி வைத்தவர் தன்னைச் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்வார்.

முதல் வசனத்தைப் பாருங்கள். அந்த வார்த்தை யாருக்கு வருகிறது? தேசாதிபதி செருபாபேலுக்கும் பிரதான ஆசாரியன் யோசுவாவுக்கும். ஜனங்கள் சொல்வதை அவர்களிடம் சொல்லித்தான் பேச்சே தொடங்குகிறது. மரப்பலகை பதித்த வீடு கட்ட அந்த ஊரில் யாருக்கு வசதி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்கலாம். ஆகவே பிரசங்கத்தின் கூர்முனை கமிட்டியின் பக்கமும், பிரசங்கியார் பக்கமும் திரும்ப வேண்டும். 1 நாளாகமம் 29-இலும் இதே வரிசைதான். தாவீது முதலில் தன் சொந்தப் பொன்னையும் வெள்ளியையும் சொல்கிறான், அடுத்து பிதாக்களின் தலைவர்கள் கொடுக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான்: ஆகஸ்ட் 2-க்கு முன்பே ஆயரும் கமிட்டி உறுப்பினர்களும் தங்கள் வாக்குறுதிச் சீட்டை எழுதிப் பொருளாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். தொகையை யாரும் மேடையில் சொல்ல வேண்டாம். "கமிட்டியில் இருக்கிற எல்லோரும் கொடுத்துவிட்டார்கள்" என்ற ஒரே வாக்கியம் போதும். அதைச் சொல்ல முடியாத நிலை இருந்தால் பிரசங்கத்தையே தள்ளி வையுங்கள்.

லைன் வீட்டுக்காரர்களுக்குப் பொருந்துகிற வசனம் ஆறாவது. கூலி வாங்குகிறவன் பொத்தலான பையில் போடுகிறான் என்கிற வசனம். சனிக்கிழமை சம்பளம் வாங்கித் திங்கட்கிழமைக்குள் வட்டிக்காரருக்கும் மளிகைக் கடைக்கும் போய்விடுகிற பையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைக் குற்றமாகச் சொல்லாமல், அவர்கள் நிலைமை வேதத்திலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லிக் கடந்துபோங்கள். "ஆலயத்துக்குக் கொடுத்தால் பை நிறையும்" என்ற வாக்குறுதியை மட்டும் அதோடு ஒட்டிவிடாதீர்கள். பையில் இருக்கிற ஓட்டை காணிக்கைக் கவரால் அடைபடுவதில்லை. வட்டி அப்படியே நிற்கும், கசப்பும் சேர்ந்துவிடும்.

முதல் பிரசங்கம் முடிஞ்ச கையோட பணம் கேட்டுடலாமுங்களா?

கூடாது. வேறு ஒன்றைக் கேளுங்கள். ஆகாய் 1:8-இல் கர்த்தர் முதலில் கேட்பது மலைக்குப் போய் மரம் கொண்டுவருவதைத்தான். கையாலும் காலாலும் செய்கிற ஒரு வேலை. நம் சபைக்கு அதன் சமம் புது இடத்தைப் போய்ப் பார்ப்பது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கடைவீதி நடுவே 9 சென்டில் இருக்கிற 160 குடும்பச் சபை, நான்கு கிலோமீட்டர் தள்ளி பைபாஸ் ஓரம் 42 சென்டுக்குப் போகப்போகிறது. ஆகஸ்ட் 9 மாலை எல்லோரும் அந்த இடத்துக்கு வரட்டும். நான்கு மூலையிலும் கல் நட்டு, கட்டடம் வரப்போகிற அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வையுங்கள். பீடம் எங்கே, வாசல் எங்கே, ஓய்வுநாள் பள்ளி அறை எங்கே என்று நடந்து பார்க்கட்டும். பழைய கோயிலில் தன் பெஞ்சு எங்கே இருந்ததோ அந்தத் திசையில் போய் நிற்கிறவர்களைப் பார்ப்பீர்கள். அப்போது வருகிற கேள்விகள்தான் அடுத்த பிரசங்கத்துக்குக் குறிப்பு. பஸ் எங்கே நிற்கும், மழை பெய்தால் மண் ரோட்டில் எப்படி வருவது, போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா. இவற்றை ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 23 பிரசங்கம் குட்டையாக இருக்கலாம். ஆகாய் 1:12-15-இல் கர்த்தரின் செய்தியே "நான் உங்களோடே இருக்கிறேன்" என்று முடிந்துவிடுகிறது. நேரத்தைச் சபைக் கூட்டத்துக்கு விடுங்கள். சீட்டு அன்றைக்குத்தான் வெளியே வர வேண்டும், அதுவும் ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறிய பிறகு. பிரசங்க மேடையிலிருந்து தொகை பேசினால் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்த மேடையிலிருந்து எதைச் சொன்னாலும் ஜனங்கள் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே கேட்பார்கள்.

சீட்டுல எழுதின பணம் முழுசா வந்துருமுங்களா?

வராது, அதைக் குற்றமாகவும் பேசக் கூடாது. அதே 160 குடும்பத்தில் 96 பேர் சீட்டு கொடுத்து, மாதம் மொத்தம் 1,15,200 ரூபாய் எழுதியிருக்கிறார்கள், பதினெட்டு மாதத்துக்கு 20,73,600 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதத்தில் 3,45,600 வந்திருக்க வேண்டும், வந்தது 2,42,000. அதாவது நூற்றுக்கு எழுபது. கட்டட ஒப்பந்தம் பேசும்போது கையில் இருக்கிற கணக்கு பதினாலரை லட்சம்தான், இருபது லட்சம் இல்லை. லூக்கா 14:28-இல் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னது இதைத்தான். மீதிக்குக் கட்டடத்தைச் சுருக்குங்கள், அல்லது கோபுரத்தையும் மதிலையும் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

பாக்கிக்காரர் பட்டியலை வாசிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. பல நேரம் அந்தப் பட்டியலில் இருப்பது மில் மூடி வேலை போனவரும் ஆஸ்பத்திரிச் செலவுக்காரரும்தான். 2 கொரிந்தியர் 8:12, இல்லாததின்படி அல்ல, இருக்கிறதின்படி என்கிறது. தொகையைக் குறைத்து எழுதப் புதுச் சீட்டு எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

கணக்கைப் பற்றி ஒன்று. 2 இராஜாக்கள் 12:15-ஐக் காட்டி, "அங்கே கணக்கே கேட்கவில்லை" என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வசனம் மேலே போய்ப் படியுங்கள். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிப் பையில் கட்டினார்கள். இரண்டு தரப்பு ஆள் எண்ணியது. அதே மாதிரி கமிட்டியில் இல்லாத ஒருவரையும் சேர்த்து எண்ணி, மாதா மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

பெரியவங்க பழைய கோயிலை விட்டு வரமாட்டேன்னு அழுகறாங்க. அவங்களை எப்படிச் சமாதானப்படுத்தறது?

சமாதானப்படுத்த வேண்டாம், அழவிடுங்கள். செப்டம்பர் 20 பிரசங்கம் முழுக்க இதற்குத்தான்.

எஸ்றா 3:12-13-இல், அஸ்திவாரம் போட்ட நாளில் முந்தின ஆலயத்தைக் கண்ட முதியவர்கள் உரத்துக் குரலெடுத்து அழுகிறார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், எது அழுகைச் சத்தம் எது ஆர்ப்பரிப்பு என்று பகுத்தறிய முடியவில்லை. யாரும் அவர்களை அடக்கவில்லை. பின்னர் ஆகாய் 2:3-இல் தீர்க்கதரிசியே அவர்களைப் பெயர் சொல்லாமல் எழுப்பி நிறுத்துகிறார்: முந்தின மகிமையைக் கண்டவர்கள் உங்களில் யார்? இது உங்கள் பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் தெரிகிறதல்லவா? நாம் தயங்குகிற கேள்வியை அவர் கேட்டுவிடுகிறார். அதைக் கேட்ட நாள் ஏழாம் மாதம் 21, கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள். ஊரே கூடியிருக்கிற நேரம். ஆகவே இந்தப் பிரசங்கத்தை ஆள் குறைந்த ஞாயிற்றில் வைக்காதீர்கள், வீட்டோடு கிடக்கிற பெரியவர்களையும் அன்றைக்கு வண்டி வைத்துக் கூட்டிவாருங்கள்.

பிரசங்கத்தில் இழப்பைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். இந்தப் பீடத்தின் முன் தாலி கட்டியவர்கள், இந்தத் தொட்டியில் ஞானஸ்நானம் பெற்ற மூன்று தலைமுறை, கல் சுமந்து கட்டிய தாத்தாமார். "கட்டடம் முக்கியமில்லை, ஆத்துமாதான் முக்கியம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முக்கியமில்லை என்றால் புதிதாக எதற்குக் கட்டுகிறீர்கள் என்று பின் பெஞ்சில் இருக்கிற அமுச்சி கேட்டால் பதில் இருக்காது.

அழுகைக்குள் வேறு ஒன்றும் ஒளிந்திருக்கும். பழைய கோயிலுக்கு நடந்து வருகிறவர்களுக்கு நான்கு கிலோமீட்டர் என்பது துக்கம் இல்லை, பயணப் பிரச்சினை. எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று மூன்று ஞாயிறு வாசலில் நின்று எண்ணுங்கள். 38 பேர் என்றால் ஒரு வேன் இரண்டு நடை அடிக்க வேண்டும். எந்தத் தெரு முனையில் எத்தனை மணிக்கு வண்டி, டீசல் யார் கணக்கில் என்பதை அன்றைய அறிவிப்பிலேயே சொல்லுங்கள். வண்டி ஏற்பாடு இல்லாமல் ஆறுதல் பிரசங்கம் மட்டும் கேட்டவர்கள், இடம் மாறியதும் மெதுவாகப் பக்கத்து ஜெபவீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் முணுமுணுக்காமல் போவதால் கமிட்டிக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

"பிந்தின ஆலயத்தின் மகிமை" வசனத்தை ஃபிளெக்ஸ்ல போடலாமா?

போடாமல் இருப்பது நல்லது. ஆகாய் 2:9 அழுதுகொண்டிருந்தவர்களுக்குச் சொன்ன ஆறுதல். கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்த கட்டடத்தைப் பற்றிச் சொன்னது. அதைப் பெரிய கட்டடத்தின் படத்துக்கு அடியில் போட்டால், பழைய கோயிலைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வேறு மாதிரி கேட்கும். முந்தின வசனமான "வெள்ளியும் என்னுடையது, பொன்னும் என்னுடையது" என்பதும் அப்படித்தான். கையில் ஒன்றுமில்லாதவர்களைத் தேற்றச் சொன்னதை வசூல் வாசகமாக்கிவிடுகிறோம்.

கலெக்டர் ஆபீஸ் அனுமதி இழுத்துக்கிட்டே போகுதுங்க. சத்துருவோட தடைன்னு பிரசங்கம் பண்ணலாமா?

வேண்டாம். வழிபாட்டுக்கு ஒரு கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கட்டட விதி, அது எல்லா மதத்துக்கும் பொது. அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பார்கள், போலீஸ், வருவாய்த் துறை அறிக்கை கேட்பார்கள். விசாரணைக்கு வருகிறவர் முன்னால், "எதிரிகளை முறியடிப்போம்" என்று ஒலிபெருக்கியில் கேட்ட அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று யோசியுங்கள்.

இதற்கு எடுக்க வேண்டிய பகுதி எஸ்றா 5, 6. நதிக்கு இப்புறத்து அதிபதி தத்னாய் வந்து, கட்ட உங்களுக்குக் கட்டளையிட்டது யார், கட்டுகிறவர்களின் பெயர் என்ன என்று கேட்கிறான். மூப்பர்கள் கோபப்படவில்லை. நேபுகாத்நேச்சார் இடித்தது முதல் கோரேஸ் கட்டளை கொடுத்தது வரை வரிசையாகச் சொல்கிறார்கள். தத்னாய் அதை அப்படியே எழுதி, ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்கும்படி ராஜாவுக்குக் கடிதம் அனுப்புகிறான். அந்தச் சுருள் பாபிலோனில் இல்லை, அக்மேதா அரண்மனையில் கிடைக்கிறது. ஃபைல் ஒரு ஆபீஸில் இல்லாமல் இன்னொரு ஆபீஸில் இருப்பது புதுக் கதை இல்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: அவர்கள் விசாரணை நடக்கும்போதே கட்டினார்கள், ஏனென்றால் ராஜ கட்டளை முன்பே இருந்தது. நம்மிடம் இன்னும் இல்லை. அனுமதிக்கு முன் ஜல்லி இறக்கினால் வேலையை நிறுத்திவிடுவார்கள், இறக்கிய காசும் போய்விடும்.

இன்னொன்று. ஆகாய் புத்தகம் முழுவதிலும் வெளியாட்களின் எதிர்ப்பு என்ற பேச்சே இல்லை. பதினாறு வருஷம் போல வேலை கிடந்ததற்கு அவர் சொல்கிற காரணம், "இன்னும் காலம் வரவில்லை" என்று ஜனங்கள் தாங்களே சொல்லிக்கொண்டது.

நவம்பர் பிரசங்கத்துல என்னதான் பேசறது? அதுக்குள்ள சபையில சண்டை வந்துருமே?

அதற்காகத்தான் அந்தப் பகுதி இருக்கிறது. ஆகாய் 2:10-14-இல் ஆசாரியர்களிடம் இரண்டு கேள்வி. பரிசுத்த இறைச்சியைச் சுமக்கிற வஸ்திரத்தின் தொங்கல் அப்பத்தைத் தொட்டால் அது பரிசுத்தமாகுமா? ஆகாது. பிணத்தைத் தொட்டவன் அதைத் தொட்டால் தீட்டாகுமா? ஆகும். பரிசுத்தம் ஒட்டிக்கொள்ளாது, தீட்டு ஒட்டிக்கொள்ளும். புதுக் கட்டடம் பழைய பகையைச் சுத்தமாக்காது என்பதற்கு இதைவிட நேரான பகுதி கிடையாது.

அதைப் பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எந்தத் தெருவுக்குப் பக்கமாக இடம் வாங்கினார்கள், எந்தச் சாதிக்காரர் கை ஓங்குகிறது, முன் பெஞ்சு யாருக்கு என்பதுதான் நம் பக்கத்துச் சபைகளில் உள்ளே புகையும் நெருப்பு. புது ஆலயத்தில் பரம்பரை இடம் என்று எந்தப் பெஞ்சும் கிடையாது என்று கமிட்டி முன்கூட்டித் தீர்மானம் போட்டு, அதை இந்தப் பிரசங்கத்தில் ஆயர் வாசிக்கட்டும். கல்வெட்டுப் பெயர்கள் விஷயமும் அப்படியே. கடைசி வசனத்தில் செருபாபேலை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று வருவதை எடுத்து, செயலாளரையோ கட்டடக் குழுத் தலைவரையோ புகழ்கிற வழக்கம் இருக்கிறது. அந்த வாக்கு தாவீதின் வம்சத்தைப் பற்றியது. மூலைக்கல்லில் நாளும் வசனமும் சபையின் பெயரும் போதும் என்று முடிவெடுத்துவிட்டால் பாதிச் சண்டை தானாக அடங்கும்.

நடுவுல ஐயருக்கு மாறுதல் வந்துட்டா?

நான்கு பகுதிகளையும் தேதியையும், ஒவ்வொன்றுக்கும் பின் செய்ய வேண்டிய ஒரே வேலையையும் ஒரு தாளில் எழுதிக் கமிட்டி மினிட்ஸில் சேர்த்துவிடுங்கள். வருகிறவர் தன் பாணியில் பேசட்டும், பகுதி மாறக் கூடாது.

பழைய கோயில்ல கடைசி ஆராதனை எப்படி வைக்கறது?

அதற்கு ஆகாய் வேண்டாம், யோசுவா 4 எடுங்கள். யோர்தான் நடுவிலிருந்து பன்னிரண்டு கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், அன்றிரவு தங்குகிற இடத்தில் வைக்கிறார்கள். பின்னாளில் பிள்ளைகள் "இந்தக் கல் ஏது?" என்று கேட்கும்போது சொல்வதற்காக. ஆகவே எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று ஒரு மாதம் முன்பே தீர்மானியுங்கள். மணி, ஞானஸ்நானத் தொட்டி, நினைவுப் பலகைகள், பழைய சுவரின் ஒரு கல். பலகை கழற்றும்போது உடைகிறது. சுவரோடு சேர்த்துப் பூசியிருப்பதால் மேஸ்திரியை வைத்துச் சுற்றிலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை அவசரமாகச் செய்கிற வேலை இல்லை.

அந்த ஞாயிறு பிரசங்கம் பத்து நிமிடம் போதும். பிறகு ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நான்கு கிலோமீட்டரும் நடக்க முடிகிறவர்கள் நடக்கட்டும், முடியாதவர்கள் முன்னால் வேனில் போய்ப் புது வாசலில் உட்கார்ந்திருந்து வருகிறவர்களை வரவேற்கட்டும். ஊர்வலத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து, பைபாஸைக் கடக்கிற இடத்துக்கு ஆள் கேட்டுக்கொள்ளுங்கள். மணியை மட்டும் வேனில் ஏற்றாதீர்கள். இளவட்டங்கள் நான்கு பேர் கம்பு கோத்துத் தூக்கிவரட்டும்.